ஊர்க் கட்டுரைகளில் செயப்பாட்டுவினை: கோவில்பதாகையை முன்வைத்து

இணையத்தில் ஊர்களைப் பற்றி எழுதப்படும் தமிழ்க் கட்டுரைகளில் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றன. திருவள்ளூர் மாவட்டத்துக் கோவில்பதாகையை எடுத்துக்கொள்வோம். 'இவ்வூர் ஆவடி மாநகராட்சியால் நிர்வகிக்கப்படுகிறது', 'ஏரி மழைநீரால் நிரப்பப்படுகிறது' என்று எழுதுவது அந்த அச்சு. இவை நான் மாதிரிக்காக அமைத்த வாக்கியங்கள். ஆயினும் இவற்றைப் போன்றவற்றைப் படிக்காதவர் இரார்.

முதல் வாக்கியத்தைச் செய்வினையாக்குவது எளிது. 'ஆல்' ஏற்று நிற்கும் சொல்லை எழுவாயாக்க வேண்டும். எழுவாயாக இருந்ததற்கு 'ஐ' உருபு சேர்க்க வேண்டும். வினையில் உள்ள 'படு' நீங்க வேண்டும். 'ஆவடி மாநகராட்சி இவ்வூரை நிர்வகிக்கிறது' என்று கிடைக்கும். ஆனால் கட்டுரை ஊரைப் பற்றியது. வாக்கியமோ இப்போது மாநகராட்சியில் தொடங்குகிறது. ஊரை முன்னிறுத்தவே செயப்பாட்டுவினையை வைத்தேன் என்பார் எழுதியவர். ஆங்கிலத்தில் இது நியாயமான காரணம். அங்கே சொல் நிற்கும் இடமே எழுவாய் எது என்று காட்டுவதால், செயப்படுபொருளை முன்னே கொண்டுவர வினையையே மாற்றுவது வழக்கம். தமிழில் அந்த வேலையை 'ஐ' உருபு செய்துவிடுகிறது. 'இவ்வூரை ஆவடி மாநகராட்சி நிர்வகிக்கிறது' என்றால் ஊரும் முன்னே நிற்கிறது, வினையும் நேராக இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

இரண்டாம் வாக்கியத்துக்கு இந்த வழியும் தேவையில்லை. 'மழைநீர் ஏரியை நிரப்புகிறது' என்பது பிழையல்ல. 'ஏரி மழைநீரில் நிரம்புகிறது' என்பதே பேச்சில் உள்ளது. நிரம்பு–நிரப்பு, திரும்பு–திருப்பு, உடைந்தது–உடைத்தது என்று தமிழில் இணைவினைகள் ஏராளம். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமே வினையியலில் ஏற்றுக்கொள்கிறது. திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, 'திண்ணை மெழுகிற்று' என்பதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். 'கதவு பூட்டியிருக்கிறது' என்று இன்றும் நாம் சொல்வது அதே போக்குதான். யாரும் வீட்டில் 'பூட்டப்பட்டிருக்கிறது' என்பதில்லை.

இந்த இணைவினைகள் நடையை மட்டும் தீர்மானிப்பதில்லை, பொருளையும் மாற்றுகின்றன. ஏதோ ஓர் ஏரியைப் பற்றி மூன்று விதமாக எழுதலாம்: 'கழிவுநீர் ஏரியில் சேர்கிறது', 'கழிவுநீர் ஏரியில் விடப்படுகிறது', 'கழிவுநீரை இன்னார் ஏரியில் விடுகிறார்'. முதலாவதில் நீர் தானாக ஓடி வருகிறது. பொறுப்பாளர் என்று ஒருவரே இல்லை. இரண்டாவது, செய்தவர் உண்டு, பெயர் இல்லை என்கிறது. மூன்றாவது பெயரைச் சொல்லிக் குற்றம் சுமத்துகிறது. குழாய் வழியே யாரோ திறந்துவிடுவதை ஆய்வறிக்கை உறுதிசெய்து, அது யார் என்பதைச் சொல்லாதபோது, இரண்டாம் வாக்கியமே நேர்மையானது. செய்வினையே சிறந்தது என்ற விதியை நம்பி 'சேர்கிறது' என்று திருத்தினால் ஒரு குற்றம் இயற்கை நிகழ்வாகிவிடும். 'விடுகிறார்கள்' என்று பொதுவாகத் திருத்தினால் அக்கம்பக்கத்தார் எல்லார் மேலும் பழி விழும். மாறாக, அறிக்கையில் பெயர் இருந்தும் 'விடப்படுகிறது' என்று எழுதினால் அது மறைப்பு. ஆகவே திருத்துபவர் இலக்கணத்தைப் பார்க்கும் முன் சான்றைப் பார்க்க வேண்டும்.

செய்தவரைச் சொல்லத் தேவையே இல்லாத இடங்களும் உண்டு. '2019இல் ஆவடி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது' என்பதில் மாநில அரசுதான் உயர்த்தும் என்பது தெரிந்ததே. 'தரம் உயர்ந்தது' என்றால் ஊரே வளர்ந்து உயர்ந்தது போலப் பொருள் நழுவும். '1955இல் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் சோசலிச பாணிச் சமுதாயத்துக்கான தீர்மானம் நிறைவேற்றப்பட்டது' என்பதும் அப்படியே. மாநாடு வாக்கியத்திலேயே இருப்பதால் எதுவும் மறையவில்லை. 'கைது செய்யப்பட்டார்' என்பதை மாற்ற முயல்வதும் வீண் வேலை, செய்திக்குரியவர் கைதானவரே.

கடைசியாக ஒரு பிழை. அலுவலகக் கடிதங்களிலிருந்து கட்டுரைகளுக்குத் தொற்றியது இது: 'மனுவை விசாரித்துப் பட்டா வழங்கப்பட்டது.' வினையெச்சமும் அதை முடிக்கும் வினையும் பொதுவாக ஒரே எழுவாய்க்கு உரியவை. இங்கே விசாரித்தவர் அலுவலர். 'வழங்கப்பட்டது' என்பதன் எழுவாயோ பட்டா. பட்டா எப்படி மனுவை விசாரிக்கும்? 'மனு விசாரிக்கப்பட்டுப் பட்டா வழங்கப்பட்டது' என்று இரண்டு 'படு' சேர்ப்பவர்கள் பிழையை மூடுகிறார்களே தவிர வாக்கியத்தை மீட்கவில்லை. 'மனுவை விசாரித்து வட்டாட்சியர் பட்டா வழங்கினார்' என்றால் போதும். மனு முன்னேயே நிற்கிறது, பட்டாவைக் கொடுத்தவரும் தெரிகிறார்.