குகனும் உபதலைப்புகளும்

இலக்கியப் பாடநூலைக் குறுவினாக்களாகவும் கட்டுரை வினாக்களாகவும் பிரித்து, விடைகளையும் சேர்த்துத் தொகுப்பது வினா வங்கி. நெல்லியடிச் சந்தியை அண்டிய தனியார் கல்வி நிலையங்களில் இது டியூட்டாக மாணவர் கையில் சேரும். சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது போட்டோகொப்பிக் கடைகளிலும் இதற்கே கிராக்கி. தொகுக்கும் முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பாடலை அடியடியாக எடுத்து, யார் கூற்று, யாரை நோக்கியது, எச்சந்தர்ப்பம், அருஞ்சொல்லின் பொருள் யாது என்று குறுவினாக்கள் எழுதப்படும். கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டி, பாத்திரப் பண்பு, கற்பனை நயம், அணிச்சிறப்பு என்று கட்டுரை வினாக்கள் சேர்க்கப்படும்.

பின்தங்கிய மாணவரைக் கரைசேர்ப்பது இதுவே என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. இடப்பெயர்வுக் காலங்களில், ஆசிரியரும் நூலும் ஒருசேரக் கிடைக்காத பிள்ளைக்குக் கையெழுத்து டியூட்டே பள்ளிக்கூடமாயிற்று. குறுவினாவைப் பொறுத்தவரை இன்றும் குறைசொல்ல அதிகமில்லை. சொற்பொருளும் சந்தர்ப்பமும் தெரியாதவன் பாடலுக்குள் நுழையவே முடியாது. அவற்றைப் பாடமாக்குவதில் தீங்கில்லை.

பழுது கட்டுரை வினாவில் இருக்கிறது. அங்கே தொகுப்பாளர் புதிதாக எதையும் செய்வதில்லை. குறுவினாக்களுக்கு எழுதிய விடைகளையே உபதலைப்புகளின் கீழ் அடுக்கிக் கட்டுரை என்கிறார்.

கம்பராமாயணத்தில் குகன் பரதனைக் காணும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். சேனையோடு கங்கையின் வடகரைக்கு வந்த பரதனைத் தென்கரையிலிருந்து பார்த்த குகன், இராமனைக் கொல்லவே வருகிறான் என்று நினைத்துக் கொதிக்கிறான், வேடர்படையை ஆயத்தப்படுத்துகிறான், சேனை ஆற்றைக் கடக்கவிடக் கூடாதென்று உறுதிகொள்கிறான். பின்னர் மரவுரி உடுத்து, உடல் வாடி, இராமன் சென்ற திசை நோக்கித் தொழுது நிற்கும் பரதனைக் காண்கிறான். இராமனைப் போலவே தோன்றும் அந்த முகம் அவன் எண்ணத்தைப் புரட்டுகிறது. தனியே நாவாயில் சென்று வணங்கி, அவன் வந்த காரணத்தைக் கேட்டறிந்தபின், ஆயிரம் இராமர் சேர்ந்தாலும் பரதனுக்கு ஈடாகார் என்று சொல்லும் அளவுக்கு மாறிவிடுகிறான்.

‘குகனின் பண்புகளை விளக்குக’ என்ற வினாவுக்கு வினா வங்கியின் விடை அன்பு, வீரம், நன்றியுணர்வு, பணிவு என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓரடி மேற்கோள் தரும். போரிடத் துணிந்தது வீரத்துக்குள் போகும். இராமனுக்காக உருகியது அன்புக்குள் போகும். காவியத்தில் இவை இரண்டல்ல. குகனின் சினத்துக்கு வேர் அவனுடைய அன்பு. அன்பு மிகுந்ததாலேயே தவறாக நினைத்தான். அதே அன்புதான் பரதனின் துயரை அடையாளம் கண்டுகொள்ளவும் வைத்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் அந்தத் திருப்பத்திலேயே கம்பனின் கவித்திறன் இருக்கிறது. அதற்கு எந்த உபதலைப்பிலும் இடமில்லை.

மாணவர் எதை இழந்தார் என்பதைச் சோதிப்பது எளிது. வினாவைச் சற்று மாற்றி, ‘பரதனைச் சந்தேகித்தது குகனுக்குக் குறையா?’ என்று கேட்டால் போதும். பாடமாக்கியவர் அதே நான்கு தலைப்புகளை அதே வரிசையில் எழுதிவிட்டு, ‘எனவே குகன் சிறந்த பாத்திரம்’ என்று முடிப்பார். கேள்வியைத் தொட்டிருக்கமாட்டார். ஒரே டியூட்டைப் படித்த வகுப்பில் மேற்கோளின் எழுத்துப்பிழைகூட விடைத்தாளுக்கு விடைத்தாள் மாறாது வரும்.

யாழ்ப்பாணத்துக்கு வினாவிடை புதிதன்று. ஆறுமுக நாவலர் சைவ வினாவிடை எழுதினார். ஆனால் சமயக் கோட்பாட்டுக்கு முடிந்த முடிபு உண்டு. அங்கே விடையை வரையறுத்துத் தருவது முறை. காவியப் பாத்திரத்துக்கு அந்த அச்சைப் பொருத்தும்போது இலக்கியமும் சமய போதனையாகிவிடுகிறது. இலக்கியத்தைச் சமூகத்தோடும் வரலாற்றோடும் சேர்த்துப் பார்க்கக் கற்பித்த கா. சிவத்தம்பி பிறந்த கரவெட்டிக்கு அருகிலேயே இது நடப்பது வேடிக்கை.

புள்ளித்திட்டமே தலைப்புகளைக் கேட்கிறது என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. புள்ளித்திட்டம் குறிப்புகளைக் கேட்கலாம். அவற்றைத் தொடர்பின்றி எழுதச் சொல்வதில்லை. குறுவினாக்களுக்கு விடை தந்து, கட்டுரை வினாவுக்கு விடையை விட்டுவிட்டு, பார்க்க வேண்டிய பாடல் எண்களை மட்டும் குறித்தால் தொகுப்பின் பாதிக் கேடு நீங்கும். குகனின் சினம் வீரத்தில் பிறந்ததா, அன்பில் பிறந்ததா என்று கேட்கும் ஒரு வினாவாவது இல்லாத தொகுப்பு, இலக்கிய மாணவர் காசு கொடுத்து வாங்கத் தக்கதன்று.