மலைமுகட்டில் மங்கும் சூரியன்

கம்ப்யூட்டர் வரைகலையில் எனக்கு மிகப் பிடித்த வித்தை எது என்று கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க இறங்க, திரை முழுக்கப் பரவியிருந்த கண்கூச்சமும் லென்ஸ் ஃப்ளேர் வட்டங்களும் கூடவே படிப்படியாகத் தணிகின்றனவே, அதுதான்! என் சொந்தக் காட்சியில் அது முதன்முதலாகச் சரியாக வேலை செய்தபோது, கேமராவை மலைமுகட்டை ஒட்டி மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஃப்ளேரை வரைவது மிக எளிது. நிஜ கேமராவில் ஒளி லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவே மாறிமாறிப் பிரதிபலிப்பதால் அந்த வட்டங்கள் உண்டாகின்றன. லென்ஸ் தன் அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருப்பதால் அவை சூரியனிலிருந்து படத்தின் மையம் வழியாகப் போகும் ஒரே கோட்டில் வரிசையாக விழுகின்றன. ஆகவே மையத்திலிருந்து சூரியன் இருக்கும் தூரத்தை 0.5, -0.3, -1 என்று சில எண்களால் பெருக்கி, கிடைக்கும் இடங்களில் படங்களை ஒளி கூட்டும் முறையில் ஒட்டினால் போதும். சிக்கல் இதற்கு அப்புறம்தான். இந்த ஃப்ளேர் படங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, ஆழச் சோதனை இல்லாமல் வரையப்படுகின்றன. சூரியன் மலைக்குப் பின்னால் முழுசாகப் போய்விட்டாலும் ஃப்ளேர் மலைமேலேயே ஜொலித்துக்கொண்டிருக்கும். சூரியன் எவ்வளவு தெரிகிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

சூரியனின் நடுப் பிக்சலில் மட்டும் ஆழத்தைப் படித்துப் பார்ப்பது பழைய வழி. அதில் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள். மரக்கிளை ஒன்று நடுவில் குறுக்கிட்டால் ஃப்ளேர் ஸ்விட்ச் போட்ட மாதிரி அணைந்து எரியும். 2003-இல் வந்த ஓப்பன்ஜிஎல் 1.5 இதற்கு அருமையான ஒரு விடையை மையப் பகுதியிலேயே சேர்த்துக்கொண்டது: ஆக்லூஷன் குவெரி. நாம் ஒரு வடிவத்தை வரைகிறோம். அதில் எத்தனை மாதிரிப் புள்ளிகள் ஆழச் சோதனையைத் தாண்டின என்று கிராஃபிக்ஸ் கார்டே எண்ணிச் சொல்கிறது. எண்ணிக்கை கிடைத்துவிட்டால் பின்னம் கிடைத்த மாதிரிதான்!

எப்படி என்று சொல்கிறேன். மலை, மரம், வீடு என ஒளி புகாத எல்லாவற்றையும் வரைந்து முடித்ததும், சூரியன் இருக்கும் திசையில் ஒரு வட்டத் தட்டை இரண்டு முறை வரைய வேண்டும். நிறமும் எழுதக் கூடாது, ஆழமும் எழுதக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத தட்டு அது.

```
glColorMask(0, 0, 0, 0);
glDepthMask(0);
glEnable(GL_DEPTH_TEST);
glDepthFunc(GL_LEQUAL);
glBeginQuery(GL_SAMPLES_PASSED, q[0]);
drawSunDisc();
glEndQuery(GL_SAMPLES_PASSED);
glDisable(GL_DEPTH_TEST);
glBeginQuery(GL_SAMPLES_PASSED, q[1]);
drawSunDisc();
glEndQuery(GL_SAMPLES_PASSED);
```

முதல் எண் மறையாத பகுதி. இரண்டாவது எண் மொத்தம். வகுத்தால் சூரியன் எத்தனை பங்கு தெரிகிறது என்று வந்துவிடும். மொத்தத்தை ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். திரையின் ஓரத்துக்குப் போகும்போது தட்டு சற்று இழுபட்டுப் பெரிதாகும். 4 மடங்கு எம்எஸ்ஏஏ போட்டால் எண்ணிக்கையும் ஏறக்குறைய 4 மடங்காகும். இரண்டாம் முறை வரைந்துவிட்டால் இந்தக் கவலை எதுவும் இல்லை. இதைவிட நேர்த்தியான அளவுகோல் எனக்குத் தெரியாது.

தட்டின் அளவு முக்கியம். 1920×1080 திரை, செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். நிஜச் சூரியனின் விட்டம் வானில் ஏறக்குறைய அரைப் பாகைதான். திரை நடுவில் அது 9 பிக்சல் அகலம்கூட வராது, மொத்தம் 60 பிக்சலுக்குள் அடங்கிவிடும். மலைமுகடு ஒரு பிக்சல் ஏறினாலே வெளிச்சம் படியிறங்குவது கண்ணில் படும். அதனால் சோதனைத் தட்டை மட்டும் 2 பாகைக்குப் பெரிதாக்குகிறேன். விட்டம் 33 பிக்சல் வருகிறது, பரப்பு சுமார் 840. இப்போது மங்கல் பட்டுப்போல இறங்குகிறது. அதில் 210 பிக்சல் தெரிந்தால் கால் பங்கு. ஃப்ளேர் வட்டங்களின் ஒளியை அப்படியே கால் பங்காக்குவேன். சூரியனைச் சுற்றிய கூசும் ஒளிக்கு மட்டும் வர்க்கமூலம், அதாவது பாதி. கீற்றளவு சூரியன் எட்டிப் பார்த்தாலும் கண் கூசத்தானே செய்கிறது! இந்த ஒரு மாற்றம் காட்சிக்குக் கொடுக்கும் உயிர் சொல்லி மாளாது.

பதிலை உடனே கேட்கக் கூடாது. கேட்டால் கிராஃபிக்ஸ் கார்டு கையிலுள்ள வேலையை முடிக்கும்வரை சிபியு கைகட்டி நிற்கும், ஃப்ரேம் வேகம் சரியும். மூன்று ஜோடி குவெரிகளைச் சுழற்சியில் வைத்து, இரண்டு ஃப்ரேமுக்கு முந்தைய பதிலை `GL_QUERY_RESULT_AVAILABLE` வழியாகத் தயாரா என்று பார்த்துவிட்டு எடுப்பேன். 60 ஃப்ரேம் வேகத்தில் அது வெறும் 33 மில்லிசெகண்ட் தாமதம். யார் கண்ணுக்கும் படாது.

சரியாக வராதபோது அந்த இரண்டு எண்களையும் திரையில் அச்சிட்டுப் பாருங்கள், அவையே காரணத்தைச் சொல்லிவிடும். சூரியன் நேரெதிரே இருக்கும்போதும் இரண்டுமே பூஜ்யம் என்றால், தட்டு தொலைவு எல்லைக்கு வெளியே போய் வெட்டுப்படுகிறது. வெர்டெக்ஸ் ஷேடரில் `gl_Position = p.xyww;` என்று எழுதினால் அது சரியாக எல்லையிலேயே ஒட்டிக்கொள்ளும். மொத்தம் 840, தெரிவது மட்டும் எப்போதும் 0 என்றால் ஆழ ஒப்பீடு `GL_LESS`-இல் நிற்கிறது. துடைத்த ஆழமும் 1.0, தட்டின் ஆழமும் 1.0, சமத்தையும் ஏற்கிற `GL_LEQUAL`தான் வேண்டும். சூரியன் திரையின் விளிம்பைத் தாண்டும்போது ஃப்ளேர் பட்டென்று அணைகிறதா? விளிம்பு இரண்டு எண்ணிக்கையையும் சேர்த்தே வெட்டுகிறது, விகிதம் கடைசிவரை 1 ஆகவே இருக்கிறது. அங்கே விளிம்பிலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு தனியாக ஒரு மங்கல் கொடுக்க வேண்டும். மொத்தம் பூஜ்யமாகும் கணத்தில் வகுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதன் உச்சம் மரம்தான். இலைப் படத்தின் வெற்றிடங்களை ஷேடர் `discard` செய்துவிடுவதால் ஆழத்திலும் அதே ஓட்டைகள் இருக்கின்றன. காற்றில் இலைகள் ஆட ஆட எண்ணிக்கை 300, 520, 180 என்று துள்ளுகிறது! அப்படியே காட்டினால் கண்ணை உறுத்தும். அதனால் புது மதிப்பை நோக்கி மெல்ல நகரவைக்கிறேன்:

```
v += (target - v) * (1 - exp(-dt / 0.06));
```

0.06 செகண்ட் என்பது என் கண்ணுக்குப் பிடித்த அளவு. இலையிடுக்கு மினுமினுப்பு அப்படியே நிற்கிறது, துடிப்பு போய்விடுகிறது.

மேகங்களுக்கு மட்டும் இந்த வழி போதாது. அவை ஒளிபுகும்படி கலந்து வரையப்படுவதால் ஆழம் எழுதுவதில்லை, குவெரிக்கு அவை இருப்பதே தெரியாது. சூரியத் திசையில் மேகத்தின் ஒளிபுகு அளவைத் தனியே எடுத்து விகிதத்தோடு பெருக்கிக்கொள்ள வேண்டும்.

பிரவுசரிலும் பல செல்போன்களிலும் இன்னொரு தடை. வெப்ஜிஎல் 2-உம் ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.0-உம் எண்ணிக்கை தருவதில்லை. ஏதாவது தெரிந்ததா இல்லையா என்று மட்டுமே சொல்லும். த்ரீ.ஜேஎஸ் நூலகம் இதைத் தாண்டும் அழகைப் பாருங்கள். சூரியன் இருக்கும் இடத்தில் 16×16 பிக்சல் துண்டைப் பத்திரப்படுத்திவிட்டு, ஆழச் சோதனையோடு ஒரு மெஜந்தா சதுரத்தை வரைகிறது. அதை நகலெடுத்துக்கொண்டு பழைய துண்டைத் திரும்ப ஒட்டிவிடுகிறது. பிறகு வெர்டெக்ஸ் ஷேடர் அந்த நகலில் 9 இடங்களைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு மெஜந்தா மிஞ்சியது என்பதிலிருந்து ஒளியை முடிவு செய்கிறது. சிபியு எதையும் கேட்கவே இல்லை, அதனால் காத்திருப்பும் இல்லை, ஃப்ரேம் தாமதமும் இல்லை. ஆனால் 9 மாதிரிகளில் படிகள் கொஞ்சம் தெரியும். டெஸ்க்டாப்பில் 840 பிக்சலை எண்ணிப் பழகிய நான் அங்கே இன்னும் குவெரியைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.