காசுமாலைக்கு நாலு படம்

வீட்டுக் காப்பீடு எடுக்கப் போனபோது ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி, "நகைக்கு லிஸ்ட் இருக்கா சார்?" என்பதுதான். இருந்தது. அம்மாவின் பீரோவில் ஒரு பழைய டைரியில் 'காசுமாலை 1, வளையல் 4, ஜிமிக்கி 1 செட்' என்று அப்பா எழுதி வைத்திருந்தார். தொலைந்தது எந்தக் காசுமாலை என்று யாராவது கேட்டால் அந்த வரியால் பதில் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி, படத்தோடு கூடிய பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். கையில் இருந்தவை சாதாரண செல்போன், அதில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ், சட்டைப்பை அளவுள்ள டிஜிட்டல் தராசு, பிஐஎஸ் கேர் செயலி.

முதல் ஞாயிறு பாதி வீண். வீட்டுப் பொருள்களைப் பட்டியலிடுவதற்கென்றே உள்ள வெளிநாட்டுச் செயலி ஒன்றை இறக்கினேன். டிவி, சோபா, சீரியல் நம்பர், பார்கோடு எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருந்தார்கள். பவுனுக்கும் கல் எடைக்கும் இடமில்லை. பத்துப் பொருளை ஏற்றிவிட்டுப் பட்டியலை வெளியே எடுக்கப் பார்த்தால் பணம் கட்டச் சொன்னது. அழித்துவிட்டு, கூகுள் ஷீட்டுக்கு வந்தேன். ஒரு பொருளுக்கு ஒரு வரி, ஒரு எண். படங்களுக்கும் அதே எண்: `07-1.jpg`, `07-2.jpg`. இதற்கு மேல் மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

என்னென்ன படம் எடுப்பது என்பதற்கு நல்ல வழிகாட்டி ஏற்கெனவே இருக்கிறது. திருட்டுப்போன கலைப்பொருள்களை அடையாளம் காண 1997-இல் உருவான 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற சர்வதேச முறை அது. அதன் சாரம் எளிமையானது. என்ன பொருள், எதனால் ஆனது, என்ன அளவு, என்ன எழுத்தோ முத்திரையோ இருக்கிறது, இதே மாதிரியான மற்றொன்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் குறை எது? கடைசிக் கேள்விக்குத்தான் விலை அதிகம்.

காசுமாலையை வைத்தே சொல்கிறேன். முதல் படம், மாலையைக் கருநீலத் துணியில் வட்டமாக விரித்து நேர் மேலிருந்து எடுத்தது. ஓரத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால், படத்தைப் பார்ப்பவர் எந்தக் காசின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். இரண்டாவது, பின்பக்கம். மூன்றாவது, கொக்கி. நான்காவது என்ன எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா, "இடது பக்கம் ஆறாவது காசைப் பாருடா, வளையம் விட்டுப்போய் ஆசாரிகிட்ட பத்தவெச்சது" என்றார். லென்ஸை மாட்டிப் பார்த்தால் பொடிப்பற்று தடித்துத் தெரிந்தது. அந்தப் பற்றுதான் இந்த மாலையின் கைரேகை. மீட்கப்பட்ட நகையைக் காவல் நிலையத்திலோ கோர்ட்டிலோ அடையாளம் காட்ட நேர்ந்தால் அந்த நாலாவது படம் பேசும். வீட்டிலிருக்கும் பழைய பித்தளை அண்டாவில் பாட்டியின் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆப்ஜெக்ட் ஐடி!

தங்கத்தைப் படமெடுப்பதில் பெரிய எதிரி ஃபிளாஷ். வெள்ளைத் திட்டாக வெளிறிப்போய் வேலைப்பாடு மறைந்துவிடும். ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில், ஃபிளாஷை அணைத்து எடுப்பதே போதும். எழுத்தோ முத்திரையோ இருந்தால், இன்னொருவரை டார்ச்சைக் கிட்டத்தட்ட படுக்கவைத்துப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். குழிவில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். என் போனில் 'மேக்ரோ' என்றே ஒரு தனி கேமரா இருக்கிறது. இரண்டு மெகாபிக்சல். பெயருக்குத்தான். பிரதான கேமராவில் கிளிப் லென்ஸை மாட்டி எடுத்ததற்கு அது பக்கத்தில் நிற்கவில்லை.

தராசு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. நம்பலாமா என்று பார்க்க மறுபடியும் பத்து ரூபாய் நாணயம். அது ஏறக்குறைய 7.7 கிராம் காட்ட வேண்டும். காட்டியது. ஆனால் மின்விசிறி ஓடும்போது கடைசி எண் ஆடிக்கொண்டே இருந்தது, நிறுத்திவிட்டு நிறுத்தால் சரி. இந்தத் தராசு சொல்வது மொத்த எடையை மட்டும்தான். கல், அரக்கு போக நிகர எடை பில்லில் இருந்தால் உண்டு. கடை பில்கள் பல தெர்மல் தாளில் வருவதால் சில வருடத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படமெடுங்கள்.

2021 ஜூலைக்குப் பிறகு ஹால்மார்க் செய்யப்பட்ட நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. இருக்கும். தங்கையின் நெளி மோதிரத்தில் இருந்ததை பிஐஎஸ் கேரில் `Verify HUID` பகுதியில் இட்டேன். முதல் தடவை எதுவும் வரவில்லை. 8-ஐ B என்று படித்திருந்தேன். திருத்தியதும் மோதிரம், 22 காரட், ஹால்மார்க் செய்த மையம் என்று விவரம் வந்தது. அந்தத் திரையையும் படமாகச் சேமித்தேன். ஆனால் நகை யாருடையது என்று செயலி சொல்லாது. அதற்குப் பில்தான். பாட்டி காலத்து நகைக்கு இந்த எண்ணே கிடையாது, ஆகவே அங்கே பற்றும் கீறலும்தான் துணை.

இத்தனை செய்தும் படம் எதை நிரூபிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதிப்பை நிரூபிக்காது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் 'பாரத் கிருக ரக்ஷா' பாலிசியில் நகை தானாகச் சேராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டாம். எட்டுப் பவுன் காசுமாலை இன்றைய விலையில் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது, மதிப்பீட்டாளரிடம் போய்த்தான் ஆக வேண்டும். இன்னொன்று, அந்தப் பாலிசியில் திருட்டுக்கு இழப்பீடு என்பது தீ, வெள்ளம் போன்ற விபத்தின் விளைவாக, ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டுமே. பூட்டை உடைத்துக் கொள்ளையடித்தால் கிடைக்காது. அதற்குத் தனிப் பாலிசி.

லாக்கரில் வைத்தாலும் பட்டியல் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கி கணக்கு வைப்பதில்லை. தீயிலோ கொள்ளையிலோ ஊழியர் மோசடியிலோ போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம்.

பட்டியலை எங்கே வைப்பது? நான் செய்த தவறு, கூகுள் போட்டோஸின் பூட்டிய ஃபோல்டரில் போட்டது. அதற்கான பேக்கப்பை நாமாக இயக்காவிட்டால் படங்கள் போனில் மட்டுமே இருக்கும். போன் போனால் அவையும் போகும். இப்போது ஒரு பிரதி டிரைவில், இன்னொரு பிரதி கடவுச்சொல் போட்ட பென் டிரைவில், தங்கை வீட்டில். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடவே போடாதீர்கள். படம் சுருங்கி முத்திரை மங்குவதோடு, எடுத்த தேதியும் கோப்பிலிருந்து உதிர்ந்துவிடும், யார் யார் பார்ப்பார்கள் என்பது வேறு. எந்த நகை எந்த அலமாரியில் என்ற வரி என் ஷீட்டில் இல்லை. கேமராவில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

தராசும் கிளிப் லென்ஸும் வாங்கலாம். பிஐஎஸ் கேர் இலவசம், அவசியம். பட்டியல் செயலிக்குப் பணம் கட்ட வேண்டாம். அம்மா பக்கத்தில் இருக்கும்போது உட்காருங்கள், ஆறாவது காசு அவருக்குத்தான் தெரியும்.