ஜன்னலின் ஓரத்தைப் பாருங்கள்

கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மெமோரியல் சர்ச் என்றொரு தேவாலயம் இருக்கிறது. பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அதன் உட்புறத்தைக் காட்டும் 16 படங்கள் உண்டு. எல்லாம் ஒரே கோணத்தில் எடுத்தவை. ஷட்டர் ஏறக்குறைய 30 வினாடி திறந்திருந்த படம் ஒரு முனை, 1/1000 வினாடி மறுமுனை. இடையில் ஒவ்வொரு படத்துக்கும் முந்தையதில் பாதி வெளிச்சம்தான் கிடைத்திருக்கிறது. படங்களை ஒன்றிணைக்கக் கற்றுத்தரும் ஓப்பன்சிவி பாடமும் இந்த 16ஐயே எடுத்துக்கொள்கிறது.

இணைந்த படத்தை ரசிப்பதற்கு முன்னால் மூலப் படங்களைப் பாருங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் இருண்ட மூலைகளெல்லாம் தெளிவாகத் தெரிகின்றன, ஆனால் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகிவிடுகின்றன. குறுகிய எக்ஸ்போஷரில் கண்ணாடியின் நீலமும் சிவப்பும் பிரிந்து நிற்கின்றன, மற்றதெல்லாம் கறுப்பு. எந்த இடத்தில் எந்தப் படத்தை நம்புவது என்பதுதான் இணைப்பவருக்கு முன்னிருக்கும் கேள்வி.

டாம் மெர்டென்ஸ், யான் கௌட்ஸ், ஃப்ராங்க் வான் ரீத் மூவரும் 2007இல் சொன்ன வழி இதற்கு எளிய விடை தருகிறது. ஒவ்வொரு படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அங்கே நுணுக்கம் தெரிகிறதா, நிறம் செறிவாக இருக்கிறதா, வெளிச்சம் நடுத்தரமாக இருக்கிறதா என்று மூன்று கேள்விகள். மூன்று விடைகளையும் பெருக்கினால் மதிப்பெண். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று தெரிய வேண்டியதே இல்லை. டெபெவெக்கும் மாலிக்கும் 1997 கட்டுரையில் சொன்ன இணைப்பு முறைக்கு அது அவசியம்.

மூன்றாவது கேள்வியை மட்டும் எண்களில் போட்டுப் பார்க்கலாம். கறுப்பை 0, வெள்ளையை 1 என்று வைத்தால் 0.5க்கு முழு மதிப்பெண். விலக விலக மதிப்பெண் சரியும். ஜன்னல் கண்ணாடியில் ஒரு புள்ளி மூன்று படங்களில் 0.98, 0.8, 0.5 என்று பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி கிடைப்பவை 0.056, 0.325, 1. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பெருக்குவதால், மூன்று நிறத்திலும் இதே அளவு இருந்தால் 0.0002, 0.034, 1 என்றாகிவிடும். குறுகிய எக்ஸ்போஷருக்கு 97 சதவீதப் பங்கு, வெளிறிய படத்துக்கு ஒன்றுமே இல்லை. ஜன்னலுக்குக் கீழே நிழலில் இருக்கும் தூணுக்கு இதே கணக்கைப் போட்டால் வரிசை தலைகீழாகும்.

ஓப்பன்சிவியில் இது இவ்வளவுதான்:

```python
import cv2, glob
import numpy as np
files = sorted(glob.glob("memorial*.png"))
imgs = [cv2.imread(f) for f in files]
m = cv2.createMergeMertens(1.0, 1.0, 1.0)
res = m.process(imgs)
out = np.clip(res * 255, 0, 255).astype("uint8")
cv2.imwrite("fused.png", out)
```

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். `process` தருவது ஏறக்குறைய 0 முதல் 1 வரையிலான பின்ன எண்கள். 255ஆல் பெருக்காமல் சேமித்தால் கோப்பைத் திறக்கும்போது கறுப்புப் படம்தான் வரும். அந்த எண்கள் ஆங்காங்கே 1ஐத் தாண்டவும் செய்யும். `clip` இல்லாவிட்டால் தாண்டியவை சுற்றிக்கொண்டு 0 பக்கம் போய்விட, பளிச்சென்ற ஜன்னலின் நடுவே கறுப்புப் பொட்டுகள் முளைக்கும்.

இன்னொன்று, `createMergeMertens`இன் மூன்றாவது எண். அடைப்புக்குறிக்குள் எதுவுமே தராவிட்டால் ஓப்பன்சிவி நுணுக்கத்துக்கும் நிறத்துக்கும் 1 வைக்கிறது, வெளிச்சத்துக்கு 0. அதாவது மூன்று கேள்விகளில் கடைசியைக் கேட்பதே இல்லை. வண்ணக் கண்ணாடிக்கு அது போதும். நிறமில்லாத சாம்பல் கல்லுக்கு நிறச் செறிவு எல்லாப் படத்திலும் சுழியை ஒட்டியே இருப்பதால், தேர்வு தடுமாறுகிறது. இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1 வைத்ததில் எல்லாம் நடுத்தர வெளிச்சத்தை நோக்கி நகர்ந்திருக்கும். எனக்கு அது சில நேரம் அதிகமாகத் தோன்றும், 0.5 வைத்துப் பார்ப்பேன்.

இப்போது ஜன்னலின் ஓரத்துக்கு வாருங்கள். மதிப்பெண்படி பிக்சல் பிக்சலாகக் கலந்தால், ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெட்டி ஒட்டியது போன்ற தையல் தெரியும். அந்தத் தையலை மறைப்பதற்காகத்தான் படத்தைப் பல அளவுகளாகப் பிரிக்கிறார்கள். மெல்லிய கோடுகள் ஒரு அடுக்கு, அதைவிடப் பெரிய வடிவங்கள் அடுத்த அடுக்கு, கடைசியில் பரந்த ஒளி–நிழல். மெல்லிய அடுக்கில் கலப்பின் எல்லை கூர்மையாக இருக்கும், பரந்த அடுக்கில் மிக மென்மையாகப் படரும். எல்லா அடுக்குகளையும் மறுபடி கூட்டினால், கண்ணாடியைத் தாங்கும் ஈயக் கோடு கூர்மை குறையாமல் நிற்கிறது, சுவரிலோ தையல் தெரிவதில்லை. ஒரு நல்ல இணைப்பில் ரசிக்க வேண்டிய இடம் இதுவே.

கோளாறு தெரிவதும் இதே இடத்தில்தான். பரந்த அடுக்கில் ஜன்னலின் மதிப்பெண் சுவர் மீதும் கசிவதால், ஜன்னலைச் சுற்றி மங்கலாகவோ வெளிறியோ ஒரு வளையம் வரலாம். ஆனால் கண்ணில் படும் எல்லா ஒளிவட்டத்துக்கும் கணக்கைக் குற்றம் சொல்ல முடியாது. பலத்த ஒளி லென்ஸுக்குள்ளேயே சிதறிச் சுவர் மீது படர்வதும் உண்டு. பிரித்தறிய மூலப் படங்களுக்குத் திரும்புங்கள். நீண்ட எக்ஸ்போஷர் படத்தில் தனியாகவே வளையம் இருந்தால் அது லென்ஸின் வேலை. எந்த மூலப் படத்திலும் இல்லாமல் இணைந்த படத்தில் மட்டும் இருந்தால் அது கலப்பின் வேலை.

அடுத்து, வெளிச்சத்தின் வரிசை. உண்மையில் அந்த ஜன்னல் நிழல் மூலையைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசம். இணைந்த படத்தில் அந்தத் தூரம் சுருங்கத்தான் செய்யும், ஆனால் வரிசை மாறக் கூடாது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஜன்னல்தான் முதலில் கண்ணில் படுகிறதா? நிழலில் இருக்கும் தூண் ஜன்னலுக்குச் சமமாகப் பளிச்சிட்டால் இணைப்பு கெட்டுவிட்டது. சந்தையில் புழங்கும் எச்டிஆர் படங்கள் பலவும் சோகை பிடித்தாற்போல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்களே எடுத்துப் பார்ப்பதென்றால் ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். அப்பெர்ச்சரை மாற்றினால் குவியத்தின் ஆழம் மாறிவிடும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறச் சாயலில் வரும்.

ட்ரைபாட் இல்லாமல் எடுத்திருந்தால் `process`க்கு முன்னால் ஒரு வரி சேருங்கள்:

```python
cv2.createAlignMTB().process(imgs, imgs)
```

கிரெக் வார்டு 2003இல் வெளியிட்ட இந்த உத்தி எனக்கு மெர்டென்ஸ் முறையைவிடப் பிடித்தது. இருண்ட படத்தையும் வெளிறிய படத்தையும் நேரடியாக ஒப்பிட முடியாது. அதனால் ஒவ்வொரு படத்திலும் அதனதன் இடைநிலை வெளிச்சத்துக்கு மேலிருப்பதை வெள்ளை, கீழிருப்பதைக் கறுப்பு என்று ஆக்குகிறார். எக்ஸ்போஷர் எவ்வளவு மாறினாலும், வெளிச்சம் கூடிய பாதி பிக்சல்கள் எவை என்பது பெரும்பாலும் மாறாது. கிடைக்கும் கறுப்பு–வெள்ளைப் படங்கள் ஒன்றுபோலவே இருக்கும், அவற்றை நகர்த்திப் பொருத்திவிடலாம். ஓப்பன்சிவி இயல்பாக ஒவ்வொரு திசையிலும் 63 பிக்சல் வரை தேடும். கேமரா சாய்ந்திருந்தால் இது உதவாது, பக்கவாட்டு நகர்வும் மேல்–கீழ் நகர்வும் மட்டுமே இதற்குத் தெரியும். பாதிக்கு மேல் முழுக் கறுப்பான படத்தில் இடைநிலையே 0 ஆகிவிடுவதால் அங்கேயும் தோற்கும்.

நகரும் மனிதரை இது ஒன்றும் செய்யாது. மூன்று படங்களில் மூன்று இடத்தில் நின்றவர், இணைந்த படத்தில் பாதி ஊடுருவித் தெரியும் மூன்று உருவமாக நிற்பார். அவரை எடுக்க வேறு வழி தேட வேண்டும், அல்லது அவர் கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டும்.