டிண்டர் கோல்டு: சந்தா ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்

டேட்டிங் ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் ஐகான் மட்டும்தான் போகும். உங்கள் படமும் வயதும் எழுதிவைத்த நாலு வரியும் அந்த நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். முன்பின் தெரியாத யாருடைய திரையிலோ நீங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கலாம். சரி, கணக்கையே அழித்துவிடுவோம் என்று உள்ளே போய் Delete Account கொடுத்தால் முகம் மறைந்துவிடும். ஆனால் ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டிய மாதச் சந்தா நிற்காது. ஆளே இல்லாத கணக்குக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும்.

ஆப் விமர்சனங்கள் பெரும்பாலும் உள்ளே நுழைவதைப் பற்றியே பேசுகின்றன. நான் இங்கே பார்ப்பது வெளியேறும் வழியை மட்டும். எடுத்துக்கொண்டது டிண்டர் கோல்டு, ஆண்ட்ராய்டு போன், யுபிஐ ஆட்டோபே. நம் ஊரில் பலரும் கட்டுவது இப்படித்தான்.

முதலில் காரணம். ப்ளே ஸ்டோரில் சந்தா கட்டும்போது பணம் வாங்குவது கூகுள். மாதாமாதம் எடுக்கச் சொல்லி நீங்கள் கொடுத்த அனுமதியும் கூகுளிடம்தான் இருக்கிறது. புரொஃபைலும் அரட்டையும் டிண்டரிடம் இருக்கின்றன. அங்கே கணக்கை மூடுவதால் இங்கே சந்தா ரத்தாகாது. ஆப்பிள் போனிலும் இதே கதைதான். டிண்டரின் உதவிப் பக்கமே இதைச் சொல்கிறது. ஆனால் கோபத்திலோ வருத்தத்திலோ கணக்கை அழிக்கப் போகிறவர் உதவிப் பக்கம் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

வேறொரு ஆப்பில் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். சந்தா புதுப்பிக்கும் தேதி 18. அவர் 15-ஆம் தேதியே கணக்கை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தார். 17-ஆம் தேதி, நாளை இவ்வளவு பணம் எடுக்கப்படும் என்று வங்கியிலிருந்து செய்தி வந்தது. ஏதோ மோசடி என்று நினைத்துத் தள்ளிவிட்டார். மறுநாள் பணம் போனது. ஆப்பின் உதவிக் குழுவுக்கு எழுதலாம் என்றால், உள்ளே நுழையக் கணக்கே இல்லை. 48 மணி நேரத்துக்குள் கேட்டதால் கூகுள் ப்ளே வழியாகப் பணம் திரும்பியது. அந்தக் கெடு தாண்டியிருந்தால், கணக்கில்லாதவராக அந்த ஆப் நிறுவனத்திடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

அந்த வங்கிச் செய்தி தற்செயலாக வந்ததல்ல. தானாகப் பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சந்தா உண்மையிலேயே ரத்தானதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. ரத்து செய்த பிறகும் இந்தச் செய்தி வந்தால், எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

ஆகவே முதலில் சந்தா. ப்ளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு Payments & subscriptions, அதற்குள் Subscriptions, அதில் டிண்டர், கீழே Cancel subscription. காரணம் கேட்கும், எதைச் சொன்னாலும் சரி. முடிந்ததும் எந்தத் தேதியோடு சந்தா முடிகிறது என்று அதே பக்கத்தில் காட்டும், மின்னஞ்சலும் வரும். இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டிண்டர் பட்டியலில் காணவே இல்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் போனில் வேறொரு ஜிமெயிலில் இருப்பீர்கள். எந்த முகவரியில் சந்தா எடுத்தீர்களோ அதற்கு மாறிப் பாருங்கள். பிறகு உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே மட்டும் நிறுத்திவிட்டு ப்ளே ஸ்டோரை விட்டுவிடுவது நல்லதல்ல. பணம் வராவிட்டாலும் கூகுள் சந்தாவை உடனே முடிக்காது. நிறுத்திவைத்துக்கொண்டு வேறு வழியில் பணம் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கட்டிய மாதத்தில் மிச்சம் இருக்கும் நாட்கள் உங்களுடையவை. கணக்கை அன்றே அழித்தால் அவை வீண்தான், பணம் திரும்பாது. எனக்கு அதில் பெரிய நஷ்டம் தெரியவில்லை. வெளியேற வேண்டும் என்று முடிவெடுத்தவரை மிச்ச நாட்கள் பிடித்துவைக்கக் கூடாது.

அழிக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள்: உங்கள் தரவின் நகலை வாங்கிக்கொள்வது. account.gotinder.com/data என்ற முகவரியில் நுழைந்து கேட்டால், தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். அது வந்து சேர்ந்து, திறந்து பார்க்கும் வரை கணக்கைத் தொடாதீர்கள். உள்ளே data.json என்ற கோப்பு இருக்கும். அதில் Usage என்ற பகுதியைத் திறந்தால் app_opens, swipes_likes, swipes_passes என்று வரிசையாக இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை முறை ஆப்பைத் திறந்தீர்கள், எத்தனை பேரை விரும்பினீர்கள், எத்தனை பேரைத் தள்ளினீர்கள் என்று நாள்வாரியாகக் கணக்கு. நீங்கள் அனுப்பிய செய்திகள் முழுதாக இருக்கும். எதிரில் இருந்தவர் அனுப்பியவை இருக்காது, அது அவருடைய தரவு என்பதால். அது நியாயம்தான். 2017-இல் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜுடித் துப்போர்த்தாய் ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின்படி தன் டிண்டர் தரவைக் கேட்டபோது சுமார் 800 பக்கங்கள் வந்தன. அதை அவர் தி கார்டியனில் எழுதினார். எதை அழிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அழிப்பதற்காகவே இந்த நகல் வேண்டும் என்கிறேன். பின்னால் யாராவது தொந்தரவு கொடுத்தால், நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதற்குச் சான்றாகவும் உதவும்.

இப்போது அழிக்கலாம். Settings பக்கத்தின் அடியில் Delete Account இருக்கிறது. அழிப்பதற்குப் பதில் மறைத்து வைத்துக்கொள்ளும் வழியும் ஆப்பில் உண்டு. அதைத் தேர்ந்தால் புதியவர்களுக்குத் தெரிய மாட்டீர்கள், அவ்வளவுதான். தரவு எதுவும் அழியாது. அழித்த பிறகு சோதித்துப் பார்க்க அதே எண்ணில் மறுபடி நுழையாதீர்கள், அது புதுக் கணக்கைத் தொடங்கும் வழி. முகநூல் அல்லது கூகுள் வழியாக நுழைந்திருந்தால், அந்தத் தளத்தின் அமைப்புகளில் இணைந்த ஆப்களின் பட்டியலில் டிண்டரை நீக்குங்கள். ஐகானை நீக்குவது கடைசி வேலை.

இவ்வளவு செய்த பிறகும் எல்லாம் அன்றே அழிவதில்லை. பாதுகாப்புக் காரணங்களுக்காக, கணக்கு மூடியபின் மூன்று மாதம் தரவை வைத்திருப்பதாக டிண்டரின் தனியுரிமைக் கொள்கை சொல்கிறது. அத்துமீறியவர் உடனே அழித்துவிட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக இது தேவை என்றே நான் நினைக்கிறேன். பணம் கட்டிய விவரங்கள் வரிச் சட்டங்களுக்காக இன்னும் நீண்ட காலம் இருக்கும். மற்றவர் எடுத்துவைத்த ஸ்க்ரீன்ஷாட் எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை.

டிண்டரின் வெளியேறும் வழியில் தரவு நகல் தரும் பகுதி நன்றாக இருக்கிறது. அழிப்பதும் நேரான வேலைதான். குறை ஒன்று. சந்தா ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் Delete Account பக்கம் போகும்போது, அவரை ப்ளே ஸ்டோரின் சந்தா பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு மேலே போக விட வேண்டும். சந்தாவை ரத்து செய்யும் அதிகாரம் ஆப்பிடம் இல்லாமல் இருக்கலாம். அங்கே போக ஒரு பொத்தான் வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆப்பை ஏற்கெனவே நீக்கிவிட்டு, கணக்கை அழிக்க மறந்தவர்கள் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. கணக்கு தொடங்கவைக்கும் ஆப்கள் இணையம் வழியாகவும் அதை அழிக்க வழி தர வேண்டும் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து, Data safety பகுதிக்குள் போய்ப் பாருங்கள். கணக்கை அழிக்கக் கோரும் இணைப்பு அங்கே இருக்கும்.