எழுத்து தெளிந்தது, எண் தொலைந்தது

ஏபிஐயிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ் சிதைகிறதா? கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறியை வையுங்கள், அத்தோடு வேலை முடிந்தது என்று நிரல் எழுதுவோர் அடித்துச் சொல்கிறார்கள். பைதனில் அதற்கு ஒரே ஒரு மாற்றம்தான்:

```python
open("workers.csv", "w", encoding="utf-8-sig", newline="")
```

பசறையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்ட அலுவலகத்துக்குத் தொழிலாளர் பட்டியல் அனுப்புகிறவர் இதோடு நின்றுவிட்டால், அந்த அலுவலகத்துக்குத் தீங்கே செய்கிறார் என்பது என் நெடுநாள் கருத்து.

குறி செய்யும் நன்மையை நான் மறுக்கவில்லை. யூடிஎஃப்-8இல் "ப" என்பது `E0 AE AA` என்ற மூன்று பைட்டுகள். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸ் கணினியின் எக்செல் அவற்றை மூன்று தனி எழுத்துகளாக எடுத்துக்கொண்டு `à®ª` என்று காட்டுகிறது. தலையில் `EF BB BF` இருந்தால் இது யூடிஎஃப்-8 என்று புரிந்துகொண்டு ஒழுங்காகப் படிக்கிறது. எழுத்தைப் பொறுத்தவரை தீர்வு சரியானதுதான்.

ஆனால் எந்தச் சிதைவுக்கு இது மருந்து என்று முதலில் பார்க்க வேண்டும். இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் இன்னும் புழங்குகின்றன. அதனால் எழுத்து சிதைந்தாலே எழுத்துருவை மாற்றிப் பார்ப்பது பலருக்குக் கைப்பழக்கம். `gJis` போல வெறும் ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது பாமினியில் அடித்த "பதுளை". குறி வைத்து அதைத் திருத்த முடியாது, ஒருங்குறிக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். `à®` திரும்பத் திரும்ப வந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படித்த விதம்தான் தவறு. வரிசையாக `????` வந்தால் எழுத்தே அழிந்துவிட்டது. மூலத்திலிருந்து மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை.

இப்போது என் பெரிய ஆட்சேபத்துக்கு வருகிறேன். பட்டியலில் பெயர், டிவிஷன், அடையாள அட்டை எண், தொலைபேசி என்று நான்கு நிரல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கங்கள். எக்செலின் பொது வடிவம் 11 இலக்கம் வரைதான் முழு எண்ணாகக் காட்டும். ஆகவே `199900000123` என்ற கற்பனை எண், இரட்டைச் சொடுக்கில் திறந்ததும் `1.999E+11` என்று நிற்கும். கட்டத்துக்குள் முழு எண் இன்னும் இருக்கிறது. ஆனால் கிளாக்கர் ஒரு பெயரைத் திருத்திவிட்டு அதே சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிவதுதான் கோப்புக்குள் போகும். அடுத்த முறை திறக்கும்போது அது `199900000000`. கடைசி மூன்று இலக்கங்களைக் காணோம். பதுளையின் 055 எண்களும் அப்படித்தான்: முன்னிருக்கும் சுழியம் உதிர்ந்து 55 என்று தொடங்கும்.

குறி இல்லாத கோப்பிலும் இது நடக்கும் என்பார்கள். நடக்கும். ஆனால் அங்கே பெயர் நிரல் முழுக்கச் சிதைந்து கிடப்பதைப் பார்த்ததுமே, கோப்பைச் சரியாகத் திறக்கவில்லை என்று தெரிந்துவிடும். பெரும்பாலானோர் கைவைக்காமல் மூடிவிட்டு யாரையாவது கேட்பார்கள். அந்தச் சிதைவு ஓர் எச்சரிக்கை மணி. குறி அந்த மணியை நிறுத்திவிட்டு ஆபத்தை அப்படியே விட்டுவைக்கிறது. பெயர்கள் அழகாகத் தெரிவதால் கோப்பு முழுதும் சரி என்று நம்பி வேலையைத் தொடங்குகிறார்கள். பெயரில் வரும் பிழையைத் தோட்டத்தில் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆளைத் தெரியும். எண்ணில் வரும் பிழை அப்படியல்ல. சேமலாப நிதிக் கோரிக்கையோ வங்கிக் கணக்கோ பொருந்தாமல் திரும்பி வரும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தக் கோப்பு எத்தனை கை மாறியிருக்குமோ.

குறி இயந்திரங்களுக்கும் இடைஞ்சல். யூடிஎஃப்-8 என்று மட்டும் சொல்லிப் படிக்கும் பைதன் செய்நிரலுக்கு முதல் நிரலின் தலைப்பு `பெயர்` ஆக இராது, `\ufeffபெயர்` ஆகிவிடும். தலைப்பே இல்லை என்று செய்நிரல் நின்றுபோகும். யூடிஎஃப்-8க்கு இந்தக் குறி தேவையுமில்லை, பரிந்துரைக்கப்படவும் இல்லை என்பதுதான் ஒருங்குறித் தரத்தின் நிலைப்பாடும்.

ஏபிஐ எழுதுகிறவர் செய்ய வேண்டியது வேறு. மனிதருக்கு xlsx கோப்பாகக் கொடுங்கள். அதில் அடையாள எண்ணையும் தொலைபேசியையும் உரை வகைக் கட்டங்களாக எழுத முடியும், இரட்டைச் சொடுக்கிலும் எதுவும் மாறாது. இயந்திரத்துக்குக் குறியில்லாத சிஎஸ்வி போதும். சிஎஸ்விதான் கிடைக்கும் என்றால், அலுவலகத்தில் எக்செலை முதலில் திறந்து, Data பகுதியில் From Text/CSV வழியாகக் கோப்பை எடுக்க வேண்டும். File Origin இடத்தில் `65001: Unicode (UTF-8)`, Data Type Detection இடத்தில் `Do not detect data types` என்று தேர்ந்தால் எழுத்தும் எண்ணும் வந்தபடியே இருக்கும்.