ஓடுகளை எண்ணிப் பார்க்க வேண்டிய படம்

செஞ்சியில் மாடி வீட்டுக்காரர் சோலார் பேனல் பற்றி விசாரித்தால், விலைக்குறிப்போடு ஒரு படமும் கைக்கு வருவதுண்டு. அவர் வீட்டு மொட்டை மாடியின் புகைப்படத்தில் பேனல்களை ஒட்டிக் காட்டியிருப்பார்கள். மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருவதால் விசாரிப்பவர்களும் உண்டு. பேச்சு பெரும்பாலும் அந்தப் படத்தை வைத்துத்தான் நடக்கிறது. ஆகவே படம் சரியாக இருப்பது முக்கியம்.

படத்தால் நன்மை உண்டு. வத்தல் காயப்போட எவ்வளவு இடம் மிஞ்சும், துணிக்கொடி எங்கே போகும், தண்ணீர்த் தொட்டிக்கு ஏற வழி இருக்குமா என்பதெல்லாம் வரைபடத்தைவிடப் படத்தில் சீக்கிரம் புரியும். பணம் கட்டும் முன்பே வீட்டிலுள்ள எல்லோரும் கருத்துச் சொல்ல முடிகிறது.

ஆனால் இந்த நன்மை முழுக்க அளவைச் சார்ந்தது. தரையில் ஓரடிச் சதுர ஓடு பதித்த மாடி என்றால் அளவுகோல் ஏற்கெனவே படத்துக்குள் இருக்கிறது. இப்போது பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஏறத்தாழ ஏழரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் கொண்டது. ஆறு பேனல்களை ஒரே வரிசையில் நிறுத்தினால், இடைவெளிகளோடு 22½ அடிக்குச் சற்று மேல் வேண்டும். அதாவது 23 ஓடுகள். படத்தில் அந்த வரிசையின் கால்கள் 17 ஓடுகளுக்குள் அடங்கியிருந்தால், இடம் போதாததால் பேனலைச் சுருக்கி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

கால்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பேனலைத் தரையோடு வைப்பதைவிட, கீழே நடமாட வசதியாக ஆளுயரத்துக்கு மேல் சட்டம் கட்டி ஏற்றுவதையே பலர் விரும்புகிறார்கள். அந்தரத்தில் நிற்கும் பேனலின் விளிம்பு படத்தில் எந்த ஓட்டின் மேல் தெரிகிறதோ, அதற்கு நேர் கீழே அந்த ஓடு இருக்காது. முதலில் நான்கு கால்களும் ஊன்றும் ஓடுகளைக் குறித்து, அங்கிருந்து செங்குத்தாகக் கோடு எழுப்பி, பிறகே பேனலை வைக்க வேண்டும். உயரத்துக்கு அளவு வேண்டுமென்றால், கால் வரும் இடத்தில் ஆறடிக் குச்சியை ஒருவர் பிடித்து நிற்கப் படமெடுத்தால் போதும். இதைச் செய்யாமல் `Distort` கருவியால் பேனலின் நான்கு மூலைகளையும் ஓட்டுக் கோடுகளுக்கு இழுத்துப் பொருத்துவதுதான் மிகச் சாதாரணமான தவறு. அப்போது பேனல் தரையில் விரித்த பாய் போலக் கிடக்கும்.

சாய்வும் அதில் காணாமல் போகும். செஞ்சி 12¼ பாகை வட அட்சத்தில் இருக்கிறது. பேனல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 12 பாகை சாய்ந்திருக்க வேண்டும். ஏழடி முன்காலுக்குப் பின்கால் எட்டரை அடி. இங்கே ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ராஜகிரி ஊருக்கு மேற்கே நிற்பதால், மலை தெரியும்படி நேர் மேற்கே பார்த்து, கேமராவைச் சாய்க்காமல் எடுத்த படத்தில் தெற்கு இடப்பக்கம் வரும். அப்படிப்பட்ட படத்தில் பேனலின் சாய்ந்த விளிம்பு இடமிருந்து வலமாக அதே 12 பாகையில் ஏற வேண்டும். பாகைமானியை வைத்தே பார்த்துவிடலாம். வலப்பக்கம் இறங்கினால் பேனல் வடக்கே பார்க்கிறது.

மறுபடி ஓட்டுக் கோடுகளுக்கு வருவோம். நம்மிடமிருந்து விலகி ஓடும் கோடுகளை நீட்டினால், அவை கேமராவின் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் கூடும். பேனலின் கிழக்கு மேற்காக ஓடும் விளிம்புகளும் அதே புள்ளிக்குப் போக வேண்டும். மலையின் விளிம்பையே தொடுவானம் என்று எடுத்துக்கொண்டால் அந்தப் புள்ளி மிக மேலே போய், பேனல் முறுக்கிக்கொண்டது போலத் தெரியும். அகலக்கோண லென்ஸில் ஓட்டுக் கோடுகளே ஓரங்களில் வளைந்துவிடும். அந்தப் படத்தில் எந்தக் கணக்கும் நிற்காது.

இத்தனையும் சரியாக அமைந்த படத்திலும் ஒரு குறை தங்கிவிடுகிறது. என் பார்வையில் அதுவே பெரிய குறை. படம் ஒரு நாளின் ஒரு நேரத்து நிழலை மட்டும் காட்டுகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை செஞ்சியில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். மே மாத நண்பகலில் எடுத்த படத்தில், தெற்கே இருக்கும் படிக்கட்டு அறையும் அதன் மேலுள்ள தொட்டியும் பேனல் பக்கம் நிழலே போடாது. டிசம்பர் கடைசியிலோ நண்பகலில்கூடச் சூரியன் 54 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. தொட்டியின் தலை பேனலைவிட ஆறடி உயர்ந்திருந்தால், அதன் நிழல் நண்பகலில் நாலடிக்கு மேல் வடக்கே விழும். காலை ஒன்பது மணிக்கு வடமேற்காக ஏறத்தாழ பத்து அடி நீளும். ஒரு பேனலின் ஓரம் நிழலில் இருந்தாலும், அதோடு தொடராக இணைந்த வரிசையின் உற்பத்தி குறையும். அழகான படத்தில் பேனலுக்கு அமைந்த இடம், ஆண்டில் இரண்டு மூன்று மாதம் காலையில் நிழலில் கிடக்கும் இடமாக இருக்கலாம்.

அதனால் படம் தருபவரிடம் இரண்டாவது படம் ஒன்றையும் கேட்க வேண்டும்: அதே மாடி, அதே பேனல்கள், டிசம்பர் 21 காலை ஒன்பது மணி நிழலோடு. ஓடுகளை எண்ணத் தெரிந்தவருக்கு அதை வரைய அரைமணி நேரம் போதும்.